பிக்கப்பில் பாரம், லோடு வால்வு, ஹெட்லைட் ஃபோகஸ்: மதுரைப் பக்கத்து ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பின் ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டேன். இப்போ லோடு ஏத்தினா வண்டி உட்காரவே இல்ல, சந்தோஷம்தான். ஆனா பிரேக் முன்ன மாதிரி நிக்கலையே, ஏன்?

வண்டி உட்காராததுதான் காரணம். பிரேக்கில் கோளாறு தேடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சேஸில், பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன வால்வு போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ நீளமான ஸ்பிரிங்கோ ஹவுசிங்குக்குப் போகும். பட்டறையில் லோடு வால்வு என்பார்கள், உதிரிபாகக் கடையில் எல்எஸ்பிவி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அந்த வால்வுக்கு எடை தெரியாது. சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளி மட்டும்தான் தெரியும். பாரம் ஏறினால் பட்டை வளையும், சேஸ் இறங்கும், இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும். உடனே வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் ஆயில் அழுத்தத்தை விடும். வெறும் வண்டியாக இருந்தால் இடைவெளி அதிகம், அழுத்தத்தை மட்டுப்படுத்திக் கொடுக்கும்.

இப்போது உங்கள் வண்டிக்கு என்ன ஆனது என்று கணக்குப் போடலாம். கம்பெனிப் பட்டையோடு இருந்தபோது முழு லோடில் பின்பக்கம் 9 செ.மீ. இறங்கியது என்று வையுங்கள். இரண்டு பட்டை சேர்த்ததும் வெறும் வண்டியே 4 செ.மீ. தூக்கி நிற்கிறது. பட்டை விறைப்பாகிவிட்டதால் அதே லோடுக்கு 5 செ.மீ.தான் இறங்குகிறது. பழைய வெறும் வண்டி நின்ற மட்டத்தோடு ஒப்பிட்டால் மொத்தமே 1 செ.மீ. இறக்கம். முழுச் சுமை மேலே இருக்கிறது, வால்வோ வண்டி காலி என்றே நினைக்கிறது. பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், மீதியெல்லாம் முன் பிரேக்கின் தலையில் விழும்.

பட்டையை மாற்றினால் லோடு வால்வின் கம்பியையும் புது உயரத்துக்கு ஏற்றபடி செட் செய்தாக வேண்டும். பட்டை வேலை செய்கிற இடமும் பிரேக் வேலை செய்கிற இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருப்பதால் இது நடுவில் விடுபட்டுப் போகிறது. பட்டை போட்டவருக்கு அது தன் வேலையாகத் தெரியாது, பிரேக் பார்ப்பவருக்குப் பட்டை மாறிய சங்கதியே தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பின் பிரேக்கு எப்பவும் முழுசாப் பிடிச்சா என்ன கெட்டுப்போச்சு? எதுக்கு அதை ஒரு வால்வு வச்சுக் குறைக்கணும்?

பிரேக் அடித்ததும் எடை முன்னால் சாயும். எவ்வளவு சாயும் என்பதை எண்ணாகப் பார்த்தால் வால்வின் அவசியம் புரியும்.

வெறும் எடை 1,700 கிலோ, இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் சக்கரங்களில் 950, பின் சக்கரங்களில் 750 கிலோ. காய்ந்த ரோட்டில் நன்றாக அழுத்தி பிரேக் பிடித்தால் சுமார் 240 கிலோ பின்னாலிருந்து முன்னால் மாறும். பின் சக்கரங்களில் மிஞ்சுவது 510 கிலோதான். அந்த எடைக்கு மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றுவது நின்று தேயும், பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். மழையில் காலி வண்டி அரைச் சுற்று சுற்றி நிற்பது இப்படித்தான்.

அதே வண்டியில் 1,300 கிலோ ஏற்றினால் மொத்தம் 3,000. முன்னால் 1,150, பின்னால் 1,850. பாரம் உயரத்தில் இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது சுமார் 540 கிலோ முன்னால் போகும். அப்படியும் பின் சக்கரங்களில் 1,310 கிலோ நிற்கிறது. காலியாக இருந்தபோது 510, இப்போது 1,310. பின் சக்கரம் பிடிக்கக்கூடிய பிரேக் இரண்டரை மடங்கு ஏறிவிட்டது. ஒரே அழுத்தத்தை வைத்து இரண்டு நிலையையும் சமாளிக்க முடியாது. அதனால்தான் நடுவில் வால்வு.

முழு லோடில் வால்வு காலி நிலையிலேயே நின்றுவிட்டால், அதே தூரத்துக்குள் நிறுத்த முன் பிரேக் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டும். ரோட்டின் பிடிமானம் அதற்கு இடம் கொடுக்காது. முன் சக்கரம் லாக் ஆகும். லாக் ஆன முன் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

கம்பியை மேலே தூக்கி கட்டுக்கம்பியால கட்டிட்டா எப்பவும் ஃபுல் பிரேக் கிடைக்கும்னு ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்றார். செய்யலாமா?

செய்யவே கூடாது. லோடில் போகும்போது நன்றாக நிற்பது போலத் தெரியும், உண்மைதான். ஆனால் மாட்டுத்தாவணியில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக ஊர் திரும்புகிறீர்கள், மேலூர் ரோட்டில் தூறல் விழுகிறது, குறுக்கே ஒரு டிவிஎஸ் வருகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் பின் சக்கரங்களுக்கு இரண்டரை மடங்கு அதிக பிரேக் போகும். முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராகவாவது போகும். பின் சக்கரம் லாக் ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்து, வால்வைச் சரியாக செட் பண்ணச் சொல்லுங்கள்.

என் வண்டியில வால்வு வேலை செய்யுதான்னு நானே பார்க்க முடியுமா?

பாதி பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வீலுக்குக் கட்டை வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி இரண்டு முனையிலும் மாட்டியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, முனையில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா, வால்வு பக்கத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கிராவல் ரோட்டிலும் குவாரி பக்கமும் ஓடுகிற வண்டிகளில் வால்வின் லீவர் மண்ணும் துருவும் ஏறி அப்படியே இறுகிவிடும். கம்பி மாட்டியபடியே இருக்கும், பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் அசையாது. லோடு ஏற்றும் முன்பு ஒரு போட்டோ, ஏற்றிய பின்பு ஒரு போட்டோ என்று ஒரே இடத்திலிருந்து எடுத்து லீவர் நின்ற நிலையை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தேய்மானமும் காட்டிக் கொடுக்கும். முன் பேட் சீக்கிரம் சீக்கிரம் தீர்கிறது, பின் லைனிங் மட்டும் புதுசு போலவே இருக்கிறது, லோடில் பிரேக் அடித்தால் மூக்கு ஒரேயடியாகக் குத்துகிறது, முன் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் பின்பக்கம் அழுத்தம் போகவில்லை என்று பொருள். மாறாக, காலி வண்டியில் லேசாக மிதித்ததுமே பின் டயர் கீறி கறுப்புக் கோடு போட்டால் அழுத்தம் அளவுக்கு மேல் போகிறது.

மீதிப் பாதியைப் பட்டறையில்தான் பார்க்க முடியும். முன் லைனில் ஒரு பிரஷர் கேஜ், பின் லைனில் ஒரு கேஜ் மாட்டி, பெடலை அழுத்தி, முன்னால் இவ்வளவு வந்தால் பின்னால் எவ்வளவு வர வேண்டும் என்று கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். கண்ணால் பார்த்தே கம்பியை ஏற்றி இறக்கி "இப்போ சரியாயிரும்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வண்டி 1.3 டன் லோடு. 50 கிலோ சிமென்ட் மூட்டைன்னா 26 ஏத்தலாம், சரிதானே?

இல்லை. 1,300 கிலோ என்பது மூட்டைக்கு மட்டுமான கணக்கு என்று நினைப்பதால் வருகிற தவறு இது. ஆர்சியில் லேடன் வெயிட், அன்லேடன் வெயிட் என்று இரண்டு எடை இருக்கும். அன்லேடன் என்றால் வண்டியின் வெறும் எடை. ஓட்டுநர், உதவியாளர் எடை அதில் சேராது. ஆகவே அவர்கள் இருவரும் அந்த 1,300-க்குள்தான் வருகிறார்கள்.

உங்கள் வண்டிக்கே போடுவோம். நீங்களும் கூட வரும் பையனும் சேர்ந்து 140 கிலோ. வண்டி வாங்கிய பிறகு அடித்த இரும்பு ஃபிரேம், தார்ப்பாய், கயிறு, ஜாக்கி சாமான் எல்லாம் 60 கிலோ. மொத்தம் 200 போக மிச்சம் 1,100. 22 மூட்டை. 26 ஏற்றினால் 200 கிலோ அதிகம். ஊரில் சர்வ சாதாரணமாக ஏற்றுகிற 40 மூட்டை என்றால் 2,000 கிலோ, அதாவது அனுமதித்ததற்கு மேல் 900.

இந்த 900 கிலோவை வால்வு சமாளிக்காதா என்று கேட்கலாம். சமாளிக்காது. முழு லோடு வருவதற்குள்ளேயே அது முழுதாகத் திறந்துவிடும், அதற்கு மேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. சேஸும் இறங்கி பம்ப் ஸ்டாப்பர் ரப்பரில் உட்கார்ந்துவிடும்.

எடை மேடையில் ஒரு தடவை முழு வண்டியையும், அடுத்து பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை போட்டுப் பாருங்கள். சரக்கு வண்டி ஆர்சியில் ஆக்ஸில் வாரியான எடையும் இருக்கும். மொத்த எடை சரியாக இருந்து பின் ஆக்ஸில் மட்டும் மீறுவது பிக்கப்பில் நிறைய நடக்கிறது. மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டியை நகர்த்த விடுவார்கள், இறக்குகிற செலவும் உங்களுடையது.

பட்டை கூட்டிட்டேன், டயரும் பெருசு. அப்போ கூட ஏத்தலாம்ல?

ஏத்த முடியாது. பட்டை தூக்கி நிறுத்தும், நிறுத்தும் வேலை பிரேக்குடையது. டிஸ்க், டிரம், வீல் பேரிங், ஹவுசிங், சேஸ் எல்லாம் பழைய லேடன் வெயிட்டுக்குச் செய்தவைதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பெனிப் பட்டையில் வண்டி உட்கார்ந்துவிட்டால் அதிகம் ஏற்றிவிட்டோம் என்று கண்ணுக்கே தெரியும். பட்டை கூட்டியவர்களுக்கு அந்த அறிகுறியும் போய்விடுகிறது.

எடை சரியாத்தான் ஏத்துறேன். ஆனா கம்பி, பைப்பு ஏத்துறப்ப மட்டும் ஸ்டீரிங் லேசாயிருது. பயமா இருக்கு.

சரக்கின் எடை பின் ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 300 கிலோ தொங்கினால், ஆக்ஸில்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில் அது முன் சக்கரங்களிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடும். பின் ஆக்ஸிலில் 300 ஏறாது, 400 ஏறும். முன்பக்கம் எடை குறைந்தால் ஸ்டீரிங் பிடிக்காது, பிரேக்கில் முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்கும்.

கனமான சரக்கைக் கேபினை ஒட்டி அடுக்கத் தொடங்குங்கள். மொத்தச் சுமையின் நடுப்புள்ளி பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மூட்டையில் இது எளிது. நீளக் கம்பியில் முடியாது, அதனால் எடையைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். இறக்கும்போதும் கவனம். முதல் கடையில் கேபின் பக்கத்துச் சரக்கையெல்லாம் எடுத்துவிட்டு, வால்பக்கச் சுமையோடு அடுத்த கடைக்குப் போனால் அதே நிலைமைதான்.

நான் டிம்லதான் போறேன். ஆனாலும் எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறாங்க. ஏன்?

உங்கள் டிம், அவர்களுக்குப் பிரைட் ஆகத் தெரிகிறது. லோடில் பின்பக்கம் 9 செ.மீ. இறங்கி, முன்பக்கம் 3 செ.மீ. மட்டும் இறங்கினால் வித்தியாசம் 6 செ.மீ. 3 மீட்டர் நீளத்தில் 6 செ.மீ. என்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 செ.மீ. அந்த அளவுக்கு மூக்கு மேல்நோக்கி நிற்கிறது. பார்த்தால் தெரியாது, ஒரு டிகிரியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வெளிச்சம் தூரம் போகப் போக அது பெருகும்.

டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு சாதாரணமாக மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் கீழே இறங்கும்படி செட் செய்திருப்பார்கள். லைட் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த விளிம்பு 90 மீட்டரில் தரையைத் தொடும். லோடு ஏறி 2 செ.மீ. மேலே தூக்கினால், இறங்க வேண்டிய வெளிச்சம் மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் ஏறத் தொடங்கும். 50 மீட்டரில் அது சுமார் 140 செ.மீ. உயரத்தில் நிற்கும். பைக்கில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும், காரில் வருகிறவரின் கண் அதற்கும் கீழே. நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில், எதிரே டிவிஎஸ்ஸில் குடும்பத்தோடு வருகிறவருக்குச் சில வினாடி ரோட்டின் ஓரமே தெரியாது. எனக்கு இதில் பிரேக் அளவுக்கே கவலை உண்டு. பிரேக் சரியில்லை என்றால் ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். ஹெட்லைட் ஏறியிருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

டேஷ்போர்டுல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருக்கே, அது இதுக்குத்தானா?

ஆமாம், இதற்கேதான். 0 என்பது ஓட்டுநர் மட்டும் இருக்கும் காலி வண்டிக்கு. எண் ஏற ஏற லைட்டின் உள்ளே இருக்கும் மோட்டார் வெளிச்சத்தைக் கீழே இறக்கும். முழு லோடுக்கு எந்த எண் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பெரும்பாலும் கடைசி எண். சரக்கை இறக்கியதும் மறக்காமல் 0-க்குத் திருப்புங்கள். இல்லையென்றால் காலி வண்டியில் வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழுந்து தீர்ந்துவிடும்.

அளவுக்கு மேல் ஏற்றினால் கடைசி எண்ணிலும் வெளிச்சம் போதுமான அளவு இறங்காது. அதற்கும் எல்லை உண்டு.

திருகு இல்லாத பழைய வண்டி. ஃபோகஸ் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

அரிசி மில் சுவரோ பள்ளிக்கூடச் சுவரோ, முன்னால் 10 மீட்டர் சமமான தரை இருந்தால் போதும். நான்கு டயரிலும் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஆள். வண்டியைச் சுவருக்கு நேராக, லைட்டிலிருந்து சுவர் 10 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, சுவரில் அதே உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. இருட்டியதும் டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். இடது பக்கம் மட்டும் விளிம்பு மேலே ஏறிப் போகும், அது நம் ரோட்டின் ஓரத்தைக் காட்டுவதற்காக வைத்தது. அதைத் தப்பு என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். வலது பக்கத்துத் தட்டையான விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் வழக்கமான லோடை ஏற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்துங்கள். முன்னே சொன்ன கணக்கில் வெளிச்சம் ஏறக்குறைய 20 செ.மீ. மேலே ஏறியிருக்கும். திருகு இருக்கும் வண்டி என்றால் அதைத் திருப்பிக் கீழ்க்கோட்டுக்குக் கொண்டுவரலாம். திருப்பியும் சுவரில் அசைவே இல்லை என்றால் மோட்டாரோ ஒயர் கனெக்டரோ போயிருக்கிறது.

திருகு இல்லாத வண்டியில் லைட்டின் பின்னால் இருக்கும் ஸ்க்ரூதான் வழி. தினமும் லோடில் ஓடுகிற வண்டி என்றால் லோடு நிலையிலேயே செட் செய்துவிடுங்கள் என்பேன். காலியாக வரும்போது வெளிச்சம் குறைந்த தூரம்தான் போகும், அதற்கேற்ப மெதுவாக வர வேண்டும். எதிரே வருகிறவரின் கண்ணைக் கெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஹாலஜன் லைட்டுக்குள் கடையில் விற்கும் எல்இடி பல்பை மாட்டியிருந்தால் இந்த வேலையெல்லாம் வீண். அதில் பெரும்பாலும் விளிம்பே சரியாக விழாது, வெளிச்சம் சிதறும். முதலில் பழைய பல்பைப் போடுங்கள்.

சிறுமலைக்கு சிமென்ட் ஏத்திட்டுப் போய், வாழைத்தார் ஏத்திட்டு இறங்குறேன். பாதி இறங்குறதுக்குள்ள பிரேக் வாடை வருதே?

18 கொண்டை ஊசி வளைவிலும் பெடலை மட்டும் நம்பி இறங்கினால் வரத்தான் செய்யும். இறங்கும் வேகத்தை கியர் பிடிக்க வேண்டும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பெடலை முழுதாக விடுங்கள். லேசாக மிதித்தபடியே வந்தால் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது.

கியர் சரியாக இருந்தும் வாடை வருகிறது, அதுவும் முன் சக்கரங்களில் மட்டும் வருகிறது என்றால் மறுபடி லோடு வால்வுக்கு வாருங்கள். அடிவாரத்தில் நிறுத்தி முன் வீல், பின் வீல் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டைப் பாருங்கள். முன்னால் அனல் அடித்து, பின்னால் வெதுவெதுப்புகூட இல்லை என்றால் பின் பிரேக் சும்மா இருந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கலாம். ஆறும் வரை வண்டியை எடுக்காதீர்கள், ஆயிலையும் மாற்றுங்கள்.

பின் வீல் சிலிண்டர் மாத்தினோம். எவ்வளவு ஏர் எடுத்தாலும் ஆயில் சரியா வரல. சிலிண்டர் கோளாறா?

சேஸை ஜாக்கியில் தூக்கி வைத்து ஏர் எடுத்திருப்பீர்கள். ஹவுசிங் தொங்கினால் இடைவெளி அதிகமாகி, லோடு வால்வு பின் லைனை நெருக்கிவிடும். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தியோ, ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து எடை தாங்க விட்டோ ஏர் எடுங்கள், ஆயில் வரும்.

புது வண்டியில அடியில இந்தக் கம்பியே இல்லையே. கழட்டிட்டாங்களா?

ஏபிஎஸ், இபிடி உள்ள வண்டியாக இருந்தால் கம்பி தேவைப்படாமல் இருக்கலாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றும் வேகத்தை சென்சார் ஒப்பிட்டு, பின் சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்தில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். பட்டை மாறினாலும் இது ஏமாறாது. ஆனால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகும் ஆபத்து அப்போது திரும்ப வந்துவிடும், மெதுவாக ஓட்டி நேரே பட்டறைக்குக் கொண்டு போங்கள். கம்பி மாட்டும் பிராக்கெட்டும் போல்ட் ஓட்டையும் இருந்து கம்பி மட்டும் இல்லை என்றால், அது யாரோ கழற்றியதுதான்.